கட்டுரைத் தேர்வில் மதிப்பெண் சீராக்கம்

மதிப்பெண் சீராக்கம் என்பது, விடைத்தாளைத் திருத்தியவர் முதலில் இட்ட மதிப்பெண்ணை, ஒரு வகுப்பு அல்லது தேர்வு எழுதிய அனைவருடைய மதிப்பெண்களோடும் ஒப்பிட்டு, ஒரு விதிப்படி மாற்றி அமைக்கும் முறையாகும். திருத்தியவர் இட்ட மாற்றப்படாத மதிப்பெண் மூல மதிப்பெண் எனப்படும். கல்லூரிகளிலும் தேர்வாணையங்களிலும் இம்முறையை ஸ்கேலிங் என்ற சொல்லாலேயே குறிப்பிடுகின்றனர். கட்டுரை வினாக்களில் இதன் தேவை அடிக்கடி எழுகிறது. தவறாகப் பயன்படுத்தப்படுவதும் அங்கேதான் அதிகம். இந்தியாவில் இது உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2007ஆம் ஆண்டில் தீர்ப்புப் பெற்றது.

## மூல மதிப்பெண் ஏன் ஒத்துப்போவதில்லை

ஒரு மதிப்பெண் வினாவுக்குச் சரியான விடை ஒன்றுதான். யார் திருத்தினாலும் மதிப்பெண் மாறாது. கட்டுரைக்கு அப்படி இல்லை. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை, மேற்கோள், பிழையற்ற நடை என்று மதிப்பெண் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தாலும், "நல்ல நடை" என்பதற்கு ஒருவர் மூன்று மதிப்பெண்ணும் மற்றவர் ஒரு மதிப்பெண்ணும் கொடுப்பது வழக்கம்.

இவ்வேறுபாடு மூன்று வகையில் வரும். ஒருவர் எல்லோருக்கும் குறைத்துப் போடுவார், மற்றொருவர் எல்லோருக்கும் தாராளமாகப் போடுவார். இது முதல் வகை. இரண்டாவது வகையில், ஒருவர் நல்ல கட்டுரைக்கும் மோசமான கட்டுரைக்கும் பெரிய இடைவெளி விடுவார், மற்றவர் யாரையும் நோகடிக்காமல் எல்லோரையும் நடுவிலேயே நிறுத்துவார். மூன்றாவது, ஒரே ஆசிரியர் காலையில் ஒருவிதமாகவும் ஐம்பதாவது தாளில் வேறுவிதமாகவும் திருத்துவது. முதல் இரண்டையும் கணக்கால் சரிசெய்யலாம். மூன்றாவதை எந்தச் சூத்திரமும் சரிசெய்யாது. அந்தத் தாள்களை மறுபடி திருத்துவதே வழி.

## ஓர் எடுத்துக்காட்டு

சங்கரன்கோவிலில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் அ, ஆ என இரு பிரிவுகள் இருப்பதாகவும், காலாண்டுத் தேர்வின் 20 மதிப்பெண் கட்டுரையை ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு ஆசிரியர் திருத்தியதாகவும் கொள்வோம். அ பிரிவின் சராசரி 14, ஆ பிரிவின் சராசரி 10.

முதலில் தோன்றும் தீர்வு, ஆ பிரிவில் எல்லோருக்கும் 4 மதிப்பெண் கூட்டுவது. ஆனால் மதிப்பெண்கள் எவ்வளவு விரிந்து கிடக்கின்றன என்பதை இது பார்ப்பதில்லை. அந்த விரிவை அளப்பது திட்ட விலக்கம். அது சிறியதாக இருந்தால் மதிப்பெண்கள் சராசரியை ஒட்டியே நிற்கின்றன என்று பொருள். அ பிரிவில் அது 2, ஆ பிரிவில் 3 என்று வைத்துக்கொள்வோம். ஆ பிரிவில் 16 வாங்கிய மாணவி, சராசரிக்கு 6 மதிப்பெண் மேலே, அதாவது இரண்டு திட்ட விலக்கம் மேலே இருக்கிறாள். அவளுக்கு 4 கூட்டினால் 20 ஆகிவிடும். ஆனால் அ பிரிவில் அதே உயரத்தில் நிற்பவருடைய மதிப்பெண் 18தான். எனவே சூத்திரம் இப்படி அமைகிறது:

```
புதிய மதிப்பெண் = 14 + (மூல மதிப்பெண் − 10) ÷ 3 × 2
```

இதன்படி 16 என்பது 18 ஆகும். 13 என்பது 16 ஆகும். சராசரியான 10, அ பிரிவின் சராசரியான 14 ஆகும். 4 வாங்கியவர் 10 பெறுவார். இதுவரை எல்லாம் நியாயமாகவே தெரிகிறது.

இனி இரு ஓரங்களையும் பார்க்க வேண்டும். வெற்றுத்தாள் கொடுத்து பூச்சியம் வாங்கிய மாணவனுக்குச் சூத்திரம் 7.3 மதிப்பெண் கொடுக்கிறது. 35 விழுக்காடு தேர்ச்சி என்றால் 20க்கு 7 போதும். ஒரு வரிகூட எழுதாதவன் தேர்ச்சி பெற்றுவிட்டான். மறுபுறம், முழு மதிப்பெண்ணான 20 வாங்கியவருக்கு 20.7 வருகிறது. தாளில் இல்லாத மதிப்பெண் அது. நடுவில் இருப்பவர்களுக்குப் பொருந்தும் சூத்திரம் ஓரங்களில் முறிகிறது. சீராக்கிய பட்டியலைச் சோதிப்பவர் முதலில் பூச்சியமும் முழு மதிப்பெண்ணும் என்ன ஆயின என்று பார்ப்பது இதனால்தான்.

## கண்டிப்பான ஆசிரியரா, பின்தங்கிய வகுப்பா

மேற்கண்ட கணக்கில் சொல்லப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது. இரண்டு பிரிவு மாணவர்களும் திறனில் ஒத்தவர்கள் என்பதே அது. பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தோ, பயிற்று மொழியை வைத்தோ பிரிவுகளைப் பிரிக்கிறார்கள். அங்கே சராசரி வேறுபடுவது ஆசிரியரின் குற்றமல்ல. அப்போது சீராக்கினால், நன்றாக எழுதியவர்களுடைய உழைப்பு கணக்கில் கரைந்துபோகும்.

இதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஐந்து தாள்களை நகலெடுத்து, பெயரையும் முன்பு இட்ட மதிப்பெண்ணையும் மறைத்து, இரண்டு ஆசிரியர்களிடமும் கொடுக்க வேண்டும். முதல் ஆசிரியர் 15, 13, 16, 12, 14 என்று போடுகிறார், கூட்டுத்தொகை 70. இரண்டாமவர் 11, 10, 12, 7, 10 என்று போடுகிறார்; கூட்டுத்தொகை 50. தாளுக்கு 4 மதிப்பெண் வேறுபாடு. பிரிவுகளின் சராசரி வேறுபாடும் 4தான். ஆகவே இது முழுக்க ஆசிரியரின் கண்டிப்பு. சோதனையில் வேறுபாடு 1 மட்டுமே வந்திருந்தால், மீதி 3 மாணவர்களின் திறனிலிருந்து வந்ததாகவே கொள்ள வேண்டும், அதைத் தொடக்கூடாது. ஐந்து தாள் குறைவுதான், பத்து இருந்தால் நல்லது. ஆனாலும் ஒன்றுமில்லாமல் சூத்திரத்தைப் பிடிப்பதைவிட ஐந்து தாள் மேல்.

## உத்தரப் பிரதேச நீதிபதித் தேர்வு வழக்கு

இதே சிக்கல் பெரிய அளவில் எழுந்தது உத்தரப் பிரதேச அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய, 2003ஆம் ஆண்டுக்கான இளநிலை சிவில் நீதிபதித் தேர்வில். எழுத்துத் தேர்வின் தாள்கள் எல்லாத் தேர்வர்களுக்கும் பொதுவானவை. விருப்பப் பாடம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை ஒருவரே திருத்த முடியாது என்பதால், ஒவ்வொரு தாளுக்கும் பல தேர்வாளர்கள் இருந்தனர். அவர்களிடையே இருக்கும் கண்டிப்பு வேறுபாட்டைப் போக்க, ஆணையம் மேலே கண்டதைப் போன்ற சூத்திரத்தைப் பயன்படுத்தியது. சராசரியாக மொத்த மதிப்பெண்ணில் பாதியையும், திட்ட விலக்கமாக அந்தச் சராசரியில் ஐந்தில் ஒரு பங்கையும் எடுத்துக்கொண்டது. 200 மதிப்பெண் தாளில் அவை 100, 20 ஆகும்.

இந்த எண்களைச் சற்றே கூர்ந்து பார்த்தால் விளைவு புரியும். சீராக்கிய பின்னும் ஒருவர் பூச்சியத்தில் நிற்க வேண்டுமானால் அவர் தம் தேர்வாளரின் சராசரியிலிருந்து ஐந்து திட்ட விலக்கம் கீழே இருந்திருக்க வேண்டும். அது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆக, பூச்சியம் வாங்கியவர்களுக்கும் மதிப்பெண் கிடைத்தது. உயரத்தில் இருந்தவர்கள் இறங்கினர். ஒருவருடைய இறுதி மதிப்பெண், அவருடைய தாள் எந்தக் கட்டில் போய்ச் சேர்ந்தது என்பதைப் பொறுத்ததாயிற்று.

மூல மதிப்பெண்ணின்படி தாங்கள் தேர்வாகியிருக்க வேண்டும் என்று சிலர் வழக்குத் தொடுத்தனர். சஞ்சய் சிங் எதிர் உத்தரப் பிரதேச அரசுப் பணியாளர் தேர்வாணையம் என்ற இவ்வழக்கில் 2007 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆர். வி. ரவீந்திரன். கண்டிப்பானவர், தாராளமானவர் என்னும் வேறுபாடு உண்மை என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் பாடங்கள் வேறாக இருக்கும் இடத்துக்கு உரிய மருந்தை, பாடம் ஒன்றாகவும் தேர்வாளர் பலராகவும் இருக்கும் இடத்தில் கொடுத்தது தவறு என்றது. இதே ஆணையத்தின் சீராக்கத்தை 2003ஆம் ஆண்டில் ஏற்றிருந்த முந்தைய தீர்ப்பிலிருந்தும் வேறுபட்டது.

தீர்ப்பு எதிர்காலத்துக்கே பொருந்தும் என்பதால் ஏற்கெனவே பணியில் சேர்ந்தவர்களின் நியமனம் கலைக்கப்படவில்லை. வழக்குத் தொடுத்தவர்களில் எவரேனும் மூல மதிப்பெண்ணின்படி கடைசியாகத் தேர்வானவரைவிட மேலே இருந்தால், அவரைப் பின்வரும் காலியிடங்களில் கருத வேண்டும் என்று மட்டும் உத்தரவாயிற்று.

## சூத்திரத்துக்குப் பதிலாக

ஒரே பாடத்தைப் பலர் திருத்தும்போது நீதிமன்றம் பரிந்துரைத்தது மாடரேஷன் என்னும் நெறிப்படுத்தல். தலைமைத் தேர்வாளர் மற்றவர்களைக் கூட்டி விடைக்குறிப்பைப் பேசி முடிவுசெய்கிறார். ஒவ்வொருவரும் திருத்திய தாள்களில் சிலவற்றை எடுத்துத் தாமே மதிப்பிட்டுப் பார்க்கிறார். ஒருவர் தொடர்ந்து குறைத்தோ கூட்டியோ போட்டிருந்தால் அவருடைய தாள்களில் அந்த அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார். ஒழுங்கின்றித் திருத்தியிருந்தால் அந்தக் கட்டு முழுவதும் வேறொருவரிடம் போகிறது.

தமிழ்நாட்டு அரசுப் பொதுத்தேர்வின் விடைத்தாள் திருத்தும் முகாமைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. உதவித் தேர்வாளர்கள் தொடங்குவதற்கு முன்பே முதன்மைத் தேர்வாளரும் கூர்ந்தாய்வு அலுவலரும் சில தாள்களைத் திருத்திப் பார்த்து, விடைக்குறிப்பை எப்படிப் பொருள் கொள்வது என்று தீர்மானித்துவிடுகிறார்கள்.

## சீராக்கம் பொருந்தும் இடம்

விருப்பப் பாடங்கள் வேறாக இருக்கும்போது நிலைமை மாறுகிறது. வரலாறு எழுதியவரையும் இயற்பியல் எழுதியவரையும் ஒரே தரவரிசையில் வைக்க வேண்டுமானால், ஒரே தாளை இருவரிடமும் கொடுத்துச் சோதிக்க வழியில்லை. அங்கே சூத்திரம் தவிர்க்க முடியாதது. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் பயன்படும் இசட் புள்ளி, மேலே சொன்ன சராசரி, திட்ட விலக்கக் கணக்கேதான்.

ஆயினும் குழுக்கள் ஒத்தவை என்ற அனுமானம் அங்கும் மறைவதில்லை. அதே நாட்டில் 1973இல் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், தேர்வு எழுதிய மொழியை வைத்து மாணவர்களைப் பிரித்தது. ஒவ்வொரு மொழியிலும் எழுதியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் தகுதி பெறுவோர் அமையும்படி மதிப்பெண்கள் மாற்றப்பட்டன. தமிழில் எழுதியவர்களுக்குத் தமிழ்த் தேர்வாளர்கள் தாராளமாக மதிப்பெண் போடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அதற்கு முன்பே எழுந்திருந்தது. இரு மொழித் தாள்களின் சராசரி வேறுபட்டால் அது தேர்வாளரால் வந்ததா, மாணவரால் வந்ததா என்பதைச் சூத்திரம் கேட்பதில்லை. பொறியியல், மருத்துவப் படிப்புகளில் தமிழ் மாணவர்கள் இழந்த இடங்கள் அந்த நாட்டின் அரசியலில் நீண்ட காலம் பேசப்பட்டன.