எட்டாம் நாளும் நிற்காத உதிரப்போக்கு

முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவரை வைத்துக்கொள்வோம். காலில் ரத்தம் உறைந்து, ரிவராக்சபான் மாத்திரை தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. வழக்கமாக நாலு நாளில் முடியும் மாதவிலக்கு இந்த முறை எட்டு நாளாகியும் நிற்கவில்லை. நாப்கினை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது, இரவிலும் எழ வேண்டியிருக்கிறது. பயந்துபோய் அவர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்.

ஆபத்து அங்கேதான். இந்த மாத்திரையின் வேலை ஒரே நாளில் பெருமளவு அடங்கிவிடும். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு நகரும் வாய்ப்பு முதல் மூன்று மாதங்களில்தான் அதிகம்.

ரத்தப்போக்கு ஏன் கூடுகிறது? கருப்பையின் உள்படலம் உரியும்போது சிறு ரத்தக் குழாய்கள் திறந்துகொள்கின்றன. அவற்றை அடைக்க ரத்தம் உறைய வேண்டும். மாத்திரை அந்த உறைதலைத் தாமதப்படுத்துகிறது. வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்களுக்கும் இது நடக்கும். புதிய மருந்துகளில் அபிக்சபானைவிட ரிவராக்சபானில் அதிகம் காணப்படுகிறது. எனவே நிறுத்துவதற்குப் பதில் மருந்தை மாற்ற மருத்துவருக்கு வழி உண்டு.

"ரொம்ப போகுது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு எதுவும் பிடிபடாது. முன்பு எத்தனை நாள், இப்போது எத்தனை நாள். ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின். பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி வருகிறதா. மாத்திரையை எந்த நாள் விட்டீர்கள் என்று காலண்டரில் குறித்துக் கொண்டுபோனால் போதும். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கடைசி ஐ.என்.ஆர். முடிவையும் எடுத்துப் போக வேண்டும். அது கூடியிருந்தால் ரத்தப்போக்குக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வயிற்றுவலிக்குக் கடையில் வாங்கிய மெஃப்டால் போன்ற மாத்திரையைப் பலர் சொல்வதே இல்லை. மெஃபனாமிக் அமிலம், இபுப்ரோஃபன் இரண்டும் ரத்தப்போக்கு ஆபத்தைக் கூட்டும். நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம். அதனால் டாக்டர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

நமது பெண்ணுக்கு முதலில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்ப்பார்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வார்கள். இரும்புச்சத்து குறைந்திருந்தால் அதற்கு மாத்திரை. ஹார்மோன் வெளியிடும் கருப்பைச் சாதனம் பலருக்கு ரத்தப்போக்கை வெகுவாகக் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை தந்தால், ரத்த மருந்தை நிறுத்துவதற்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். ஏனெனில் அதுவே ரத்தம் உறையத் தூண்டும்.

மணிக்கொரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தாலோ, தலைசுற்றல், மயக்கம், மூச்சுத்திணறல் வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அங்கே முதலில் சொல்ல வேண்டியது மாத்திரையின் பெயரும், கடைசியாக அதை விழுங்கிய நேரமும்.