பாரம் ஏறும்போது தெரியும் பற்றரியின் வயது

டொயோட்டா பிரியஸ் காரின் மூன்றாம் தலைமுறை 2009 முதல் 2015 வரை ஜப்பானில் ஓடிய மாதிரி. இலங்கையில் இன்று பாவித்த ஹைபிரிட் தேடுகிறவர்கள் அதிகம் பார்க்கும் கார்களில் அதுவும் ஒன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டில் இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. ஆகவே இந்த மாதிரியில் எதை வாங்கினாலும் பத்து வயது தாண்டிய காரைத்தான் வாங்குகிறீர்கள். என்ஜினும் கியரும் இன்னும் நெடுங்காலம் ஓடக்கூடும். சந்தேகம் பின் இருக்கைக்குப் பின்னால் கிடக்கும் பெரிய பற்றரியில்தான்.

விற்பவரிடம் கேட்டால் மீற்றரைக் காட்டுவார். “அண்ணை, எழுபதாயிரந்தான் ஓடியிருக்கு, பற்றரி அப்பிடியே இருக்கு” என்பார். மீற்றர் உண்மையாகவே இருந்தாலும் அது பற்றரியின் வயதைச் சொல்லாது. நிக்கல் பற்றரி ஓடினாலும் தேயும், நின்றாலும் தேயும்; எல்லாவற்றையும் விட வெப்பத்தில் தேயும். வெயிலில் பல வருடம் நின்று கொஞ்சமாக ஓடிய காரை விட, தினமும் நெடுந்தூரம் ஓடிய காரின் பற்றரி நல்ல நிலையில் இருக்கக்கூடும். வயதை எண்ணும்போது இங்கே பதிவு செய்த வருடத்திலிருந்து எண்ணாமல், தயாரித்த வருடத்திலிருந்து எண்ணுங்கள். இரண்டும் பதிவுப் புத்தகத்தில் இருக்கும்.

டாஷ்போர்டில் தெரியும் பற்றரிக் கோடுகளும் நிறையப் பேரை ஏமாற்றுகின்றன. கோடு நிறைய இருந்தால் பற்றரி நல்லது என்று நினைக்கிறோம். அவை காட்டுவது அந்த நேரத்தில் இருக்கும் சார்ஜின் அளவை மட்டுமே. பழைய வாளியில் பாதிக்குமேல் சேறு படிந்திருந்தாலும், மேலே நிற்கும் கொஞ்சத் தண்ணீர் விளிம்பைத் தொட்டால் வாளி நிறைந்ததாகத்தானே தெரியும். கோடு எத்தனை என்பதை விட்டு, எவ்வளவு விரைவாக ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். காரை READY நிலையில் நிறுத்தி ஏசியைப் போட்டுவிட்டு இருங்கள். நல்ல பற்றரி, என்ஜினைத் தொடாமல் பல நிமிடம் ஏசியை ஓட்டும். இரண்டு மூன்று நிமிடத்திலேயே கோடுகள் சரிந்து என்ஜின் எழும்பி, எழும்பிய கையோடு கோடுகள் மளமளவென்று நிறைந்தால், உள்ளே இடம் சுருங்கிவிட்டது என்று அர்த்தம்.

இது முதல் அறிகுறி மட்டுமே. திடமான பதிலுக்கு ஒரு OBD2 கருவியும் கைபேசியில் Dr. Prius அல்லது Hybrid Assistant செயலியும் வேண்டும். கருவி விரல் நீளந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் செருகியில் போட்டால் புளூடூத் வழியாகக் கைபேசியோடு பேசும்.

செயலியில் என்ன பார்க்க வேண்டும் என்பதற்குப் பற்றரி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பிரியஸில் 7.2 வோல்ற் மொடியூல்கள் 28 வரிசையாக இணைந்து, மொத்தம் 201.6 வோல்ற் தருகின்றன. காரின் கணினி அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து அளக்கிறது. அதனால் திரையில் 14 எண்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு சோடி மொடியூலின் வோல்ற் அளவு. பதினான்கும் ஒரே காலத்தில் பிறந்தவை, ஒரே மின்னோட்டம் ஒவ்வொன்றின் ஊடாகவும் போகிறது. ஆகவே எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும். ஒன்று மட்டும் வரிசை பிசகுகிறதா என்பதே பரிசோதனை.

நண்பர் ஒருவர் வாங்கப் பார்த்த 2012ஆம் ஆண்டுப் பிரியஸை எடுத்துக்கொள்வோம். நிறுத்திவைத்துப் பார்த்தபோது எல்லாச் சோடிகளும் 16 வோல்றுக்குப் பக்கத்தில் நின்றன. கூடிய வித்தியாசம் 0.1. விற்பவருக்குச் சந்தோசம். ஆனால் சும்மா இருக்கும் பற்றரி தன் நோயைச் சொல்லாது. காலையில் குளிர்ந்திருக்கும்போதும் சொல்லாது. அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, நண்பர் வெறும் வீதியில் அக்சிலேற்றரை அழுத்த, பக்கத்தில் இருந்தவர் திரையைப் பார்த்தார். பற்றரியிலிருந்து 80 அம்பியர் போனபோது பதின்மூன்று சோடிகள் 14.2 வோல்றுக்கு இறங்கின. ஒன்பதாவது மட்டும் 12.9க்கு விழுந்தது.

கணக்கு எளிது. மற்றவை இழந்தது 1.8 வோல்ற், 80ஆல் வகுத்தால் உள்தடை ஏறக்குறைய 22 மில்லி ஓம். பத்து வயதுப் பற்றரிக்கு அது குறை சொல்ல முடியாத அளவு. ஒன்பதாவது இழந்தது 3.1 வோல்ற், அதாவது 39 மில்லி ஓம். பிரேக் பிடித்துச் சார்ஜ் ஏறும்போது இதுவே மற்றவற்றை மீறி மேலே குதித்தது. பாரம் போகும்போது மற்றவற்றுக்குக் கீழும், சார்ஜ் வரும்போது மற்றவற்றுக்கு மேலும் போகும் சோடி உள்தடை கூடிய சோடி. அதில் ஒரு மொடியூலாவது தளர்ந்துவிட்டது. பாரத்தின்போது சோடிகளுக்கிடையே 0.3 வோல்றுக்குள் வித்தியாசம் இருந்தால் நிம்மதியாகப் பேரம் பேசலாம். ஒரு வோல்றைத் தாண்டினால், எச்சரிக்கை விளக்கும் P0A80 என்ற கோடும் வெகுதூரத்தில் இல்லை.

தளர்ந்த சோடி எல்லாம் மொடியூலின் குற்றம் என்று உடனே முடிவுகட்டவும் கூடாது. மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சை பூத்தாலும் இதே இறக்கம் தெரியும். கடற்காற்று அடிக்கும் ஊர்களில் இதைக் கவனிக்க வேண்டும். தகடுகளைக் கழற்றித் துடைத்தால் தீரும் வேலை அது. ஆனால் உயர் மின்னழுத்தம் தெரிந்தவர் மட்டுமே அந்தப் பெட்டியைத் திறக்கலாம்.

இன்னொரு படத்தையும் சந்திப்பீர்கள்: பாரத்தில் பதின்மூன்று சோடிகள் ஒன்றாக இறங்க, ஒன்று மட்டும் இறங்காமல் உறுதியாக நிற்கும். பார்க்க நல்ல செய்தி போலத் தெரியும். அங்கே ஒரு மொடியூல் அண்மையில் மாற்றப்பட்டிருக்கலாம். ஒன்று செத்த இடத்தில் அதே வயதுக்காரர்கள் இருபத்தேழு பேர் மிச்சம் இருக்கிறார்கள். அடுத்தது எது என்பதுதான் கேள்வி. “செல் மாத்தியாச்சு, இனிப் பிரச்சினை இல்லை” என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதும் சான்றாகாது. கோடை அழித்துவிட்டுக் காரைக் காட்டுவது ஒரு நிமிட வேலை. ஆனால் கோடுகள் அழிக்கப்பட்ட பிறகு கார் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதைக் கணினி தனியாக எண்ணிவைக்கிறது. OBD2 செயலிகள் பலவற்றில் அதைப் பார்க்கலாம். 12 கிலோமீற்றர் என்று காட்டினால், நேற்று எதை அழித்தீர்கள் என்று நேரே கேளுங்கள்.

பின் இருக்கையின் ஓரத்தில் சிறிய காற்றுச் சல்லடை ஒன்று இருக்கும். பற்றரியைக் குளிர்விக்கும் காற்று அந்த வழியாகத்தான் போகிறது. அதில் தூசியும் நூலும் அடைத்திருந்தால் உள்ளே விசிறியின் இதழ்களும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பற்றரி வருடக்கணக்காக வெந்திருக்கிறது.

இந்த எண்கள் இந்தப் பிரியஸின் நிக்கல் பற்றரிக்கு உரியவை. ஹொண்டா வெசல் போன்ற லித்தியம் பற்றரிக் கார்களுக்கு இவற்றை அப்படியே பொருத்தக்கூடாது.

நண்பர் ஒன்பதாவது சோடியின் படத்தை விற்பவருக்குக் காட்டினார். ஒரு செல்லின் விலையைக் குறைப்பதாக அவர் சொன்னார். நண்பர் இரண்டு கராஜ்களில் முழுப் பற்றரியின் விலையை எழுத்தில் வாங்கி வந்து, அதைக் கழித்துத்தான் பேசினார். இழுபறிக்குப் பிறகு ஏறக்குறைய அந்த விலைக்கே கார் கைமாறியது. ஆறு மாதம் கழித்துப் புதுப் பற்றரி போட்டார். உத்தரவாதச் சீட்டில் முழுப் பற்றரி என்று எழுதி வாங்கிய பிறகே பணத்தைக் கொடுத்தார்.