விலை ஏறுகிறது, வேகம் குறைகிறது

2021 அக்டோபர் 20 அன்று பிட்காயின் 67,000 டாலரை நெருங்கியது. நவம்பர் 10 அன்று இன்னும் மேலே, 69,000 டாலரை ஒட்டிச் சென்றது. விலைப்படத்தில் புதிய உச்சம். ஆனால் அதன் கீழே ஓடிய ஆர்எஸ்ஐ கோடு, அக்டோபரில் தொட்ட உயரத்தை இந்த முறை தொடவில்லை. விலை ஒரு பக்கம், கோடு மறுபக்கம் என்ற இந்த முரண்பாட்டைத்தான் சந்தைக்காரர்கள் ‘டைவர்ஜென்ஸ்’ என்கிறார்கள். ஓராண்டு கழித்து பிட்காயின் 16,000 டாலருக்கும் கீழே கிடந்தது.

அப்படியானால் ஆர்எஸ்ஐ வீழ்ச்சியை முன்கூட்டியே சொல்லிவிட்டதா? அது எதைச் சொல்கிறது என்று கணக்கைப் பார்த்தால்தான் புரியும்.

அமெரிக்கரான வெல்ஸ் வைல்டர் 1978இல் வெளியிட்ட அளவுகோல் இது. வழக்கமாக 14 நாட்களை எடுத்துக்கொள்கிறது. அந்த நாட்களின் சராசரி ஏற்றத்தை, அதே நாட்களின் சராசரி இறக்கத்தோடு ஒப்பிட்டு, 0 முதல் 100 வரையிலான எண்ணாக மாற்றுகிறது. ஒரு பங்கு 14 நாளில் மொத்தம் 42 ரூபாய் ஏறி, 14 ரூபாய் இறங்கியதாக வைத்துக்கொள்வோம். ஏற்றம் இறக்கத்தைப் போல மூன்று மடங்கு, ஆர்எஸ்ஐ 75. அடுத்த 14 நாளில் 28 ரூபாய் ஏறி, அதே 14 ரூபாய் இறங்குகிறது. இப்போது இரண்டு மடங்குதான். ஆர்எஸ்ஐ ஏறக்குறைய 67. (தினசரிக் கணக்கில் வைல்டர் பழைய நாட்களின் தாக்கத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார், போக்கு இதுதான்.)

கவனித்துப் பாருங்கள். இரண்டாம் முறையும் பங்கு 14 ரூபாய் லாபத்தில்தான் நிற்கிறது. விலை உயர்ந்திருக்கிறது, ஆர்எஸ்ஐ தாழ்ந்திருக்கிறது. மலையேறும் பேருந்து வேகம் குறைந்தாலும் மேலேதான் போகிறது. டைவர்ஜென்ஸ் சொல்வது அந்த வேகக் குறைவை மட்டுமே. வண்டி திரும்பி இறங்கப்போகிறதா என்பது அந்தக் கணக்கில் இல்லை.

அதே 2021இன் தொடக்கமே இதற்குச் சாட்சி. ஜனவரியில் 42,000 டாலரை நெருங்கியபோது ஆர்எஸ்ஐ மிக உயரத்தில் இருந்தது. பிப்ரவரியில் விலை 50,000ஐத் தாண்டியபோது அந்த உயரம் திரும்பவில்லை. கண்ணுக்குத் தெளிவான டைவர்ஜென்ஸ்தான். அதை நம்பி அங்கேயே விற்றவர், ஏப்ரலில் 64,000ஐக் கடந்து விலை போனதை வெளியில் நின்று பார்த்தார். விலை குறையும் என்று பந்தயம் கட்டியவருக்கு நஷ்டம் இன்னும் பெரிது.

இதனால்தான் அனுபவசாலிகள் ஆர்எஸ்ஐ முரண்பட்டவுடன் விற்பதில்லை. இரு உச்சங்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தை விலை உடைக்கும்வரை காத்திருக்கிறார்கள். 2021 அக்டோபர் இறுதியில் அந்தப் பள்ளம் 58,000 டாலரை ஒட்டி இருந்தது. நவம்பர் 18 அன்று விலை அதற்குக் கீழே இறங்கியது. காத்திருந்தவர் உச்சத்திலிருந்து 11,000 டாலருக்கு மேல் இழந்துதான் வெளியேறியிருப்பார். பிப்ரவரி டைவர்ஜென்ஸில் அவசரப்பட்டிருக்க மாட்டார்.