ஏழு நாளில் மறந்துபோகும் சஃபாரி

எப்போதாவது ஒருமுறை திறக்கும் சில இணையதளங்கள், ஐபோனில் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கின்றன. போன தடவை ‘என்னை நினைவில் வை’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தாலும் விடுவதில்லை. போனில் பழுது இல்லை. சஃபாரி பிரவுசர்தான் அந்த லாகினை அழித்திருக்கிறது.

லாகின் செய்ததும் தளம் நம் போனில் ஓர் அடையாளச் சீட்டை வைக்கிறது. அதுதான் குக்கி. விளம்பர நிறுவனங்களும் இதே வழியில் சீட்டு வைத்து, நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று பின்தொடர்ந்தன. 2017-இல் ஆப்பிள் அதை இன்னும் கடுமையாகத் தடுக்கத் தொடங்கியது. உடனே அந்த நிறுவனங்கள் தங்கள் ஸ்கிரிப்டை நாம் பார்க்கும் தளத்துக்குள்ளேயே ஓடவிட்டு, அந்தத் தளத்தின் பெயரிலேயே சீட்டை எழுதின. ஸ்கிரிப்ட் எழுதியது லாகினா, வேவுக் குறியா என்று சஃபாரியால் பிரித்தறிய முடியாது. அதனால் 2019-இல், ஸ்கிரிப்ட் எழுதும் குக்கிகள் எல்லாவற்றுக்கும் ஏழு நாள்தான் ஆயுள் என்று விதித்தது. 2020-இல் லோக்கல் ஸ்டோரேஜ் போன்ற மற்றச் சேமிப்பிடங்களுக்கும் ஏழு நாள் கெடு வந்தது.

இரண்டு கெடுவும் ஒன்றல்ல. ஒன்றாம் தேதி ஒரு கடையின் தளத்தில் லாகின் செய்கிறீர்கள். அதன் ஸ்கிரிப்ட், ஓராண்டு செல்லும் என்று குக்கி எழுதினாலும் எட்டாம் தேதி அது காலாவதியாகிவிடும். இடையில் தினமும் போனாலும், தளம் அதைப் புதுப்பித்து எழுதாவிட்டால் பயனில்லை. லாகின் லோக்கல் ஸ்டோரேஜில் இருந்தால் கணக்கு வேறு: அந்தத் தளத்தைத் தொடாமல், சஃபாரியை மட்டும் ஏழு நாள் பயன்படுத்தினால் அழியும். சஃபாரியையே திறக்காத நாள் கணக்கில் சேராது. ஆகவே தினமும் போகும் தளமே வாரம் ஒருமுறை வெளியேற்றினால் குக்கியைச் சந்தேகிக்கலாம். இடைவெளி விட்டால் மட்டும் வெளியேற்றினால் சேமிப்பிடத்தை.

தளத்தின் சொந்த சர்வரே ‘Set-Cookie’ வழியாக அனுப்பும் குக்கியை இந்தக் கெடு பொதுவாகத் தொடுவதில்லை. லாகினை அப்படி, ‘HttpOnly’ குறியுடன் வைப்பதே முறை. அந்தக் குறி இருந்தால் எந்த ஸ்கிரிப்டும் அதைப் படிக்க முடியாது என்பதால் திருட்டுக்கும் தடை.

அமைப்புகளில் ‘Prevent Cross-Site Tracking’ என்பதை அணைத்தால் தொல்லை தீரும். ஆனால் எல்லாத் தளங்களிலும் வேவுக்குக் கதவு திறந்துவிடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதைவிட, அந்தத் தளத்தை மட்டும் ‘Add to Home Screen’ மூலம் முகப்புத் திரையில் வையுங்கள். முதலில் ஒருமுறை மறுபடி லாகின் செய்ய நேரலாம். அந்த ஐகான் வழியாகத் திறக்கும்போது நாள் கணக்கு தனி. சஃபாரியில் கழியும் நாட்கள் அதில் சேராது. பிரைவேட் டேபில் திறப்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. டேபை மூடியதும் அங்கே லாகின் போய்விடும்.

தளத்தின் உதவி மையத்துக்கு எழுதும்போது ‘லாகின் நிற்கவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘சஃபாரியில் ஏழு நாளில் போய்விடுகிறது, லாகின் குக்கியை சர்வரிலிருந்து அனுப்புங்கள்’ என்று எழுதுங்கள். சரிசெய்ய வேண்டிய இடம் அவர்களிடம்தான் இருக்கிறது.