ஆசை காட்டும் நான்காம் கட்டம்

```
X O O
4 X 6
7 X O
```

கணினி X, இப்போது அதன் முறை. நான்கில் வைத்தால் 6, 7 இரண்டிலும் வெற்றி வாய்ப்பு. நம்மில் பலர் அங்கேதான் கை வைப்போம். ஆனால் எதிராளி ஆறில் வைத்தால் வலப்பக்க வரிசை நிறைந்து ஆட்டம் முடிந்துவிடும்.

மினிமேக்ஸ் முறை ஒவ்வொரு நகர்வையும் ஒரு கிளையாக விரித்து, ஆட்டம் முடியும் நுனிவரை போகிறது. கணினி வென்றால் 1, சமன் 0, தோற்றால் –1. தன் முறையில் பெரிய எண்ணையும், எதிராளி முறையில் சிறியதையும் மேலே அனுப்பும்.

ஆறில் வைத்தால்? எதிராளி நான்கில் தடுக்க, சமன்: 0. தடுக்காமல் ஏழில் வைத்தால் கணினிக்கு 1. சிறியது 0; அதுவே இந்தக் கிளையின் மதிப்பு.

அடுத்து நான்கு. எதிராளியின் முதல் பதிலே –1. கையில் 0 இருக்கும்போது, இன்னொரு பதிலான ஏழைப் பார்ப்பது வீண். அந்தக் கிளையை அங்கேயே வெட்டிவிடலாம். இதுதான் ஆல்ஃபா–பீட்டா வெட்டு. நான்கை முதலில் ஆராய்ந்திருந்தால் ஒப்பிட எண் இருந்திருக்காது, ஏழையும் பார்த்தே தீர வேண்டும். விடை மாறாது, வேலைதான் கூடும்.

வெற்றுப் பலகையிலிருந்து 2,55,168 ஆட்டங்கள் சாத்தியம். வெட்டு மிச்சப்படுத்துவது அங்கேதான்.