தகட்டுக்குள் அரை மில்லிமீட்டர், திரையில் ஒரு சென்டிமீட்டர்

எதிர்மின் கதிர்களை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே செலுத்தி, தகடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தார் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ். கதிர் வளையவில்லை. அதனால் அதில் மின்சுமை இல்லை என்று 1883-இல் முடிவு செய்தார். உண்மையில் குழாயில் மிஞ்சியிருந்த வாயுதான் அவரை ஏமாற்றியது. கதிர் மோதியதால் வாயு அயனிகளாகி, அவை தகடுகளின் அருகே திரண்டு மின்புலத்தை மறைத்துவிட்டன. 1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் காற்றை இன்னும் நன்றாக வெளியேற்றினார். அப்போது வெறும் 2 வோல்ட்டுக்கே கதிர் நகர்ந்தது.

எவ்வளவு நகரும் என்பதை ஒரு சிறிய குழாயை வைத்துக் கணக்கிடலாம். எலக்ட்ரான்களை 2000 வோல்ட்டில் முடுக்குகிறோம். தகடுகளின் நீளம் 2 செ.மீ., இடைவெளி அரை செ.மீ., அவற்றுக்கிடையே 50 வோல்ட். தகடுகளின் நடுவிலிருந்து திரை 20 செ.மீ. தள்ளி இருக்கிறது.

எலக்ட்ரான் நொடிக்கு ஏறத்தாழ 26,500 கி.மீ. வேகத்தில் வருவதால், ஒரு நானோநொடிக்கும் குறைவான நேரமே தகடுகளுக்கிடையே இருக்கும். அந்நேரத்தில் நேர்மின் தகடு அதைத் தன் பக்கம் இழுக்கிறது. கிடைமட்ட வேகம் மாறுவதில்லை, பக்கவாட்டு வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. எறிந்த கல்லைப் போலப் பாதை பரவளையமாகிறது. ஆனால் வெளியேறும்போது விலகல் வெறும் அரை மில்லிமீட்டர்தான்.

வெளியே வந்தபின் இழுக்க எதுவும் இல்லை. பெற்ற சாய்வோடு அது நேர்கோட்டில் போகிறது. சாய்வு 20-க்கு 1. மீதமுள்ள 19 செ.மீ. தூரத்தில் 9.5 மி.மீ. விலகுகிறது. இரண்டையும் கூட்டினால் திரையில் புள்ளி 1 செ.மீ. தள்ளி விழுகிறது. வெளிவரும் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது தகடுகளின் நட்டநடுவைத் தொடும். ஆகவே சாய்வை 20 செ.மீ.யால் பெருக்கினாலே விடை வந்துவிடும்.

மாணவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. பரவளையத்தையே திரை வரை நீட்டிவிடுகிறார்கள். இங்கே அப்படிச் செய்தால் ஐந்தரை செ.மீ. வரும். ஆனால் இந்தக் குழாயில் புள்ளி 5 செ.மீ.க்கு மேல் போகவே முடியாது. 250 வோல்ட் கொடுத்தால் கற்றை தகட்டின் விளிம்பிலேயே மோதிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கணக்கில் எலக்ட்ரானின் நிறையும் மின்சுமையும் அடிபட்டுப் போகின்றன. முடுக்கும் வோல்ட், தகட்டு வோல்ட், நீள அகலங்கள் ஆகியவையே புள்ளியின் இடத்தைத் தீர்மானிக்கின்றன. அதனால் இந்த விலகலை மட்டும் அளந்து எலக்ட்ரானின் நிறையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. தாம்சன் மின்புலத்தோடு காந்தப்புலத்தையும் சேர்த்து, கதிரின் வேகத்தைத் தனியே கண்டறிந்த பிறகே, மின்சுமைக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் அவருக்குக் கிடைத்தது.