வண்டி மாட்டுக் கழுத்தில் புண்... காரணம் கழுத்தில் இல்லை!

உளுந்தூர்பேட்டையைச் சுற்றி நான்கு வழிச் சாலையில் பார்த்தால் லாரியும் பஸ்ஸும்தான் கண்ணில் படும். உள்ளே கிராமச் சாலைக்கு இறங்கினால், கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் டயர் வண்டி பூட்டிய மாடுகளை இப்போதும் பார்க்கலாம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம், பெரியசெவலை என மூன்று ஊர்களில் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருப்பதால், கரும்பு இந்தப் பக்கம் பழகிய பயிர். டிராக்டர் போக முடியாத வரப்போரத்து வயல்களில் கரும்பை வெளியே கொண்டுவர மாட்டு வண்டிதான் வசதி என்கிறார்கள்.

அப்படி ஒரு வண்டியின் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோதுதான், வலப்பக்கத்து மாட்டின் கழுத்தைக் கவனித்தேன். நுகத்தடி உட்காரும் இடத்தில், திமிலுக்கு முன்னால், உள்ளங்கை அகலத்துக்கு முடி உதிர்ந்து, தோல் தடித்து, நடுவில் ஈரமாக ஒரு புண். ஈ மொய்த்தது. இடப்பக்கத்து மாட்டுக்கு ஒன்றும் இல்லை.

"மருந்து போடலையாய்யா?" என்று கேட்டேன்.

"போடாம இருப்பனா தம்பி? ரெண்டு வாரமாப் போடுறேன். ஆறுது, பூட்டுனா திரும்ப வந்துடுது. மாட்டுக்கு மருந்து போட்டேன், வண்டிக்குப் போடலை. அதான் தப்பு" என்றார் அந்த வண்டிக்காரர்.

'வண்டிக்கு மருந்தா?' என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பாரம் ஏற்றியிருந்த விதத்தை அவர் காட்டிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

இரண்டு சக்கர வண்டி என்பது ஒரு தராசு மாதிரி. அச்சுதான் நடு முள். சுமையின் நடுப்பகுதி அச்சுக்கு நேர் மேலே இருந்தால், எடை முழுவதையும் சக்கரமே தாங்கிக்கொள்ளும். மாடு இழுத்தால் போதும், சுமக்க வேண்டியதில்லை. சுமை முன்னால் நகர நகர, ஏர்க்கால் வழியாக எடை நுகத்தடிக்குப் போகிறது. இதைத்தான் 'முன்பாரம்' என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியில் 1,500 கிலோ கரும்பு. அச்சிலிருந்து நுகத்தடி வரை 10 அடி. சுமையின் நடு, அச்சைவிட 1 அடி முன்னால் இருந்தால், 1,500-ல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 கிலோ நுகத்தடியில் உட்கார்கிறது. ஒரு மாட்டுக்கு 75 கிலோ. ஒரு ஆளைக் கழுத்தில் உட்கார வைத்துக்கொண்டு வண்டியையும் இழுப்பது போல! அதே சுமையை 2 அங்குலம் மட்டும் முன்னால் இருக்கும்படி நகர்த்தினால், நுகத்தடியில் 25 கிலோதான். ஒரு மாட்டுக்குப் பன்னிரண்டரை கிலோ. கரும்பின் எடையில் ஒரு கிலோகூடக் குறையவில்லை.

கரும்பில் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். கரும்பின் அடிப்பகுதி தடிமன், கனம். நுனி லேசு. எல்லாக் கட்டுகளின் அடியையும் வண்டியின் முன்பக்கமாகவே போட்டு அடுக்கினால், பார்க்க வண்டி சமமாகத்தான் தெரியும். எடை மட்டும் முன்னால் இருக்கும். அவர் வண்டியிலும் அதுதான் நடந்திருக்கிறது. ஏற்றிவிடும் ஆட்கள் மாறிய வாரத்திலிருந்துதான் புண் வந்தது என்பதைப் பிறகு நினைவுபடுத்திச் சொன்னார். இப்போது ஒரு கட்டின் அடி முன்னால், அடுத்த கட்டின் அடி பின்னால் என்று மாற்றி அடுக்கச் சொல்கிறார்.

சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாட்டை அவிழ்த்துவிட்டு, பாரத்தோடு இருக்கும் வண்டியின் நுகத்தடியை ஒரு ஆள் தூக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு குடம் தண்ணீர் தூக்குவது போலத் தூக்க முடிந்தால் சரி. அசையவே இல்லையென்றால் முன்பாரம். தொட்டதும் தானாக மேலே எழும்பினால் பின்பாரம். அதுவும் ஆபத்துதான். நுகத்தடி மேலே கிளம்பும்போது, மாட்டின் கழுத்துக்குக் கீழே கட்டியிருக்கும் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். மாடு இருமும், தலையைத் தூக்கிக்கொண்டே நடக்கும். அதனால்தான் பாரம் ஒரு துளி முன்னால் இருப்பது நல்லது என்கிறார்கள்.

முன்பாரம் சரி. ஆனால், ஏன் ஒரு மாட்டுக்கு மட்டும் புண்?

"உசரத்தப் பாரு" என்றார். புண் வந்த மாடு, ஜோடியைவிட நாலு விரல் குட்டை. நுகத்தடி அந்தப் பக்கம் சரிகிறது. சரிந்த தடி ஒரே இடத்தில் நிற்காமல், ஒவ்வோர் அடிக்கும் தோலின் மேல் வழுக்கி வழுக்கி வருகிறது. அழுத்தம் ஒரு பக்கம், உராய்வு ஒரு பக்கம். வியர்வையில் நனைந்த தோல் இரண்டையும் தாங்காது. ஜோடி சேர்க்கும்போது உயரமும் நடையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அழகுக்காக அல்ல என்பது இங்கேதான் தெரிகிறது.

நுகத்தடியின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். கழுத்தில் படும் இடம் 2 அங்குல அகலம் என்றால், அதை 4 அங்குலமாக்கினால் ஒவ்வோர் இடத்திலும் விழும் அழுத்தம் பாதியாகிவிடும். பழைய தடிகளில் அந்த இடம் தேய்ந்து குறுகி, ஓரம் கத்திபோல நிற்கும். ஆணித் தலை, சிலாம்பு, கயிற்று முடிச்சு எதுவும் கழுத்துப் பக்கம் இருக்கக் கூடாது. சாக்குத்துணி சுற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். துணி வியர்வையிலும் மண்ணிலும் ஊறிக் காய்ந்ததும் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். சுற்றுவதென்றால் தினமும் அவிழ்த்து அலசிக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால், இழைத்து வழவழப்பாக்கிய மரமே மேல். பெங்களூரு ஐ.ஐ.எம்-மின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ்.ராமசாமி, மாட்டு வண்டியையும் நுகத்தடியையும் திருத்துவதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். நிர்வாகவியல் பேராசிரியருக்கு நுகத்தடியில் என்ன வேலை என்று யோசித்திருக்கிறேன். இந்த மாட்டின் கழுத்தைப் பார்த்த பிறகு யோசிக்கவில்லை.

புண் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் வீக்கம். மாலையில் நுகத்தடியை இறக்கியதும் உள்ளங்கையைக் கழுத்தில் வைத்து மெதுவாக ஓட்டினால், ஓரிடம் மட்டும் சூடாக இருக்கும். மாடு தோலைச் சிலிர்த்து ஒதுங்கும். மறுநாள் காலையில் நுகத்தடிக்குத் தலை கொடுக்கத் தயங்கும். அதைத் 'திமிர்' என்று அடிப்பவர்களும் உண்டு. இந்தக் கட்டத்தில் குளிர்ந்த தண்ணீர்த் துணியைப் போட்டுப் போட்டு எடுத்து, நாலைந்து நாள் பூட்டாமல் விட்டால் பெரும்பாலும் அப்படியே அடங்கிவிடும் என்கிறார் இந்தப் பகுதியில் பணியாற்றிய ஒரு கால்நடை மருத்துவர்.

தோல் உரிந்துவிட்டால், இளஞ்சிவப்பு நிறம் வரும் அளவுக்கு மட்டும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த நீரால் கழுவி, போவிடோன் அயோடின் போடலாம். ஈ அண்டாமலிருக்கப் புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவலாம். புழு வைத்துவிட்டாலோ, வீக்கம் மெத்தென்று சீழ் கோத்தாலோ, அது மருத்துவர் கையால் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் கீறிவிடுவது, சூடு போடுவது, பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுவது எல்லாம் புண்ணை ஆழமாக்கும். முழுதாக ஆறுவதற்கு முன்னால் திரும்பத் திரும்பப் பூட்டினால், அந்த இடம் கல் மாதிரி இறுகிக் கட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு நல்ல நுகத்தடியும் அந்தக் கழுத்தில் சரியாக உட்காராது.

அந்த மாட்டுக்கு இன்னொரு குறையும் இருந்தது. மெலிவு. கழுத்தில் சதை குறைந்தால் தடிக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை இல்லை. கரும்பு ஓட்டும் மாட்டுக்குக் கொழுந்தாடை இலவசமாகக் கிடைக்கும். வயிறும் நிறையும். ஆனால், அதில் புரதம் குறைவு. வெறும் கொழுந்தாடையிலும் வைக்கோலிலும் கடின வேலை செய்கிற மாடு, தன் சதையையே கரைத்து இழுக்கிறது என்றார் மருத்துவர்.

சுமார் 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு, கடினமாக வேலை செய்யும் நாளில் 5 கிலோ வைக்கோல், 10 முதல் 12 கிலோ கொழுந்தாடை, அதோடு 2 கிலோ அடர்தீவனம் என்பது அவர் சொன்ன அளவு. அந்த 2 கிலோவில் ஒரு கிலோ தவிடு, அரைக் கிலோ கடலைப் புண்ணாக்கு, அரைக் கிலோ உடைத்த கம்போ மக்காச்சோளமோ இருக்கலாம். கொஞ்சம் உப்பும் தாது உப்புக் கலவையும் சேர்க்க வேண்டும். வேலை இல்லாத நாளில் அடர்தீவனத்தைப் பாதியாக்கிவிடலாம். நாளைக்குப் பாரம் அதிகம் என்று இன்றைக்குத் திடீரென்று தானியத்தைக் கொட்டினால் வயிறு புளித்து மாடு படுத்துவிடும். எந்த மாற்றமும் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பெரிய தீனியை மாலையில் வைப்பதுதான் நல்லது. தின்றதைப் படுத்து அசை போடவே மாட்டுக்குத் தினமும் ஆறேழு மணி நேரம் வேண்டும். நள்ளிரவில் பூட்டி நண்பகலில் அவிழ்க்கும் வண்டிகளில் அந்த நேரம்தான் முதலில் காணாமல் போகிறது.

வெயில் இதையெல்லாம் இன்னும் மோசமாக்குகிறது. கரும்பு வெட்டு பங்குனி, சித்திரை வரை நீண்டுவிட்டால், கடின வேலையும் கடும் வெயிலும் ஒன்றாகச் சேர்கின்றன. 1965-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி மாட்டைப் பூட்டக் கூடாது. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இடையில் ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஆணி வைத்த தார்க்குச்சியும் கூடாது. நம் ஊர் சித்திரையில் 37 டிகிரி என்பது சாதாரண நாள். விதியை அப்படியே கடைப்பிடித்தால், விடியற்காலையும் மாலையும்தான் வண்டி ஓட வேண்டும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, எச்சில் நூலாக வடிவது, நாக்கு வெளியே தொங்குவது, நடை தள்ளாடுவது... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அங்கேயே அவிழ்த்து நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். வெயில் நாளில் ஒரு மாட்டுக்கு 50, 60 லிட்டர் தண்ணீர்கூடத் தேவைப்படும். வழியில் எங்கே தண்ணீர் இருக்கிறது என்று தெரியாமல் கிளம்புவது, டீசல் இல்லாமல் லாரி எடுப்பதைப் போன்றது.

பாரத்தோடு வரிசையில் காத்திருக்க நேர்ந்தால், மாட்டைப் பூட்டியே நிறுத்தி வைப்பது பலருக்குப் பழக்கம். வண்டி நகராதபோதும் முன்பாரம் கழுத்தில்தான் இருக்கிறது. ஏர்க்காலுக்குக் கீழே ஒரு முட்டுக்கட்டை கொடுத்துவிட்டு அவிழ்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இந்த வண்டிக்காரர் அந்தக் கட்டையை வண்டிக்கு அடியிலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

குட்டை மாட்டுக்கு இப்போது ஓய்வு. "முடி முளைக்கிற வரைக்கும் தடி படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஒரு மாசமாவது ஆகும்" என்றார். அதுவரை அண்ணன் வீட்டு மாட்டை இரவல் வாங்கி ஓட்டுகிறார். அதன் உயரத்தை நூல் பிடித்து அளந்து பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்தாராம்.